பகுதியைச் சொல்லாத பாராட்டு

மரக்காணத்தில் மே மாதம் உப்புக்கு நல்ல காலம். சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கிடக்கும். விடிவதற்கு முன்னாலேயே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்து, வெயில் ஏறுவதற்குள் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மழை வந்துவிட்டால் எல்லாம் கரைந்துவிடும் என்பதால் மார்ச் முதல் மே வரைக்கும் யாருக்கும் ஓய்வு கிடையாது.

பொதுத்தேர்வுக்கும் இதுதான் காலம். மார்ச், ஏப்ரலில் தேர்வு, மே மாதம் ரிசல்ட். உப்பள வேலைக்குப் போகும் வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால், அப்பா அம்மா இருவரும் மிகக் குறைவாக வீட்டில் இருக்கும் மாதங்களில்தான் அது பரீட்சை எழுதுகிறது.

ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரைப் பிரித்தால் விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. மேலே பள்ளியின் பெயர், அதன் கீழே நடுவில் பெரிதாக ஒரு பிள்ளையின் படம், சுற்றிலும் கொஞ்சம் சிறிதாக நான்கைந்து படங்கள், ஒவ்வொன்றின் கீழும் மதிப்பெண். ஒரு நட்சத்திரத்துக்குள் '100% தேர்ச்சி'. 'மாணவச் செல்வங்களை வாழ்த்தி மகிழும் தாளாளர், முதல்வர், ஆசிரியப் பெருமக்கள்' என்று ஒரு வரி. கடைசியில் கொட்டை எழுத்தில் 'அட்மிஷன் நடைபெறுகிறது'. உண்மையில் அந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்றதெல்லாம்.

இந்த விளம்பரங்களில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் பொய் இல்லை. சொல்லப்பட்ட மதிப்பெண்ணை அந்தப் பிள்ளை எடுத்திருக்கும், தேர்வு எழுதிய எல்லோரும் தேறியும் இருப்பார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பதைத் தொகுதி என்றும் கீழே இருப்பதைப் பகுதி என்றும் படித்தோம். விளம்பரம் தொகுதியை மட்டும் சொல்கிறது. எத்தனை பேரில் இத்தனை என்கிற பகுதியைச் சொல்வதில்லை. இது எப்படி வழக்கமானது, பகுதியையும் சேர்த்துச் சொன்னால் ஒரு விளம்பரம் எப்படி இருக்கும் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

பெயர் இல்லாத நம்பர்கள்

சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்தது 1911இல். அதற்கு முன்னால் பள்ளிப்படிப்பின் முடிவில் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வு இருந்தது. ஒரே தேர்வு, பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். அதில் பெரும்பாலோர் தோற்றார்கள். தோற்றவர் கையில் பத்து வருடப் படிப்புக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. இதை மாற்றத்தான் வந்தது. ஒரு பிள்ளை பள்ளியில் வாங்கிய மதிப்பெண்களையும் பொதுத்தேர்வில் வாங்கிய மதிப்பெண்களையும் ஒரே புத்தகத்தில் பதிந்து கொடுப்பார்கள். பாஸ், ஃபெயில் என்று முத்திரை குத்துவது ஆரம்பத்தில் அந்தத் திட்டத்தின் நோக்கமே இல்லை. கல்லூரியில் சேரத் தகுதியானவர்கள் யார் என்பது தனியாக முடிவானது. பழைய ஆட்கள் 'எஸ்.எஸ்.எல்.சி. கம்ப்ளீட்டட்' என்று சொல்லிக்கொண்டதற்கு இதுதான் காரணம். படித்து முடித்ததே சொல்லிக்கொள்ளத் தக்க விஷயமாக இருந்தது.

பிறகு அது பாஸ் ஃபெயில் தேர்வாக மாறிவிட்டது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் நாளிதழில் ரிசல்ட் வெளிவந்த முறையில் வெகுகாலம் ஒரு சமத்துவம் இருந்தது. தேறியவர்களின் பதிவெண்களை மட்டும், பொடி எழுத்தில், பக்கம் பக்கமாக அச்சடிப்பார்கள். சிறப்புப் பதிப்புக்காக ஊர் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நிற்கும். 'பேப்பர்ல நம்பர் வந்துச்சா?' என்பதுதான் கேள்வி. நம்பர் இருந்தால் பாஸ். 35 எடுத்தவனுக்கும் 95 எடுத்தவனுக்கும் ஒரே அளவு எழுத்து. உப்பளத்துப் பிள்ளையின் நம்பரும் வக்கீல் வீட்டுப் பிள்ளையின் நம்பரும் ஒரே வரிசையில் கிடக்கும்.

அந்தப் பட்டியல் கொடுமையானதும்தான். வராத நம்பர்கள் ஊருக்கே தெரிந்தன. ஆனால் ஒரு பள்ளியின் பதிவெண்கள் தொடர்ச்சியாக இருந்ததால் விடுபட்ட நம்பர்களை எண்ணினால் எத்தனை பேர் தேறவில்லை என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். பகுதியை மறைக்க வழியில்லாத விளம்பரம் என்று அதைச் சொல்லலாம். இணையத்தில் ரிசல்ட் வந்தபோது அவரவர் நம்பரை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு அது நிம்மதி. பள்ளிக்கும்தான்.

எத்தனை முதலிடம்?

மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. ஆறு பாடம், பாடத்துக்கு 200 என்று 1200 மதிப்பெண். அரசே மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவித்தது. மறுநாள் முதல் பக்கத்தில் அந்தப் பிள்ளைகளின் வாயில் அம்மா இனிப்பு ஊட்டும் படம் வரும். 'டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன்' என்கிற பேட்டியும் வரும்.

ஆனால் அந்த 'மாநில முதலிடம்' என்ற சொல்லுக்குள்ளேயே சில நிபந்தனைகள் ஒளிந்திருந்தன. அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற, தமிழை மொழிப்பாடமாக எடுத்திருக்க வேண்டும். பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்து அதைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் தனிப் பட்டியலில் இருப்பார்கள். பத்தாம் வகுப்பிலோ எஸ்.எஸ்.எல்.சி., மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓ.எஸ்.எல்.சி. என்று நான்கு வாரியங்கள் இருந்தன. நான்கிலும் ஆளுக்கொரு முதலிடம். எஸ்.எஸ்.எல்.சி.க்கு 500 மதிப்பெண், மெட்ரிகுலேஷனுக்கு 1100. 'மாநில முதலிடம்' என்று ஒரு பள்ளி போட்டால், எந்தத் தேர்வில், எந்தப் பட்டியலில் என்று கேட்டால்தான் அதற்கு அர்த்தமே வரும். விளம்பரத்தில் அந்த விவரத்துக்கு இடம் இருக்காது.

2007க்குப் பிறகு இன்னொரு அழுத்தம் கூடியது. தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை மாநில அரசு நீக்கியதால் பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே அளவுகோல் ஆனது. நான் கல்லூரிக்குப் போன காலம் ஏறக்குறைய அது. கட்-ஆஃபில் கால் மதிப்பெண் குறைந்தால் பல நூறு பேருக்குப் பின்னால் போய்விடுவோம் என்று எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் விடுதிப் பள்ளிகளுக்கு ஊர் 'கறிக்கோழிப் பள்ளி' என்று பெயர் வைத்தது. அவர்களுடைய விளம்பரத்தில் கட்-ஆஃப் 200 எத்தனை, 199க்கு மேல் எத்தனை என்று அட்டவணையே இருக்கும்.

சமச்சீர் கல்வி வந்த பிறகு நான்கு வாரியங்களுக்கும் ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வு, 2012 முதல். இனி ஒரே முதலிடம் என்று நினைத்தால் நடந்தது வேறு. 2015இல் 500க்கு 499 எடுத்து மாநில முதலிடம் பிடித்தவர்கள் 41 பேர். 498 எடுத்து இரண்டாம் இடம் 192 பேர். 497 எடுத்து மூன்றாம் இடம் 540 பேர். ஆக முதல் மூன்று 'இடங்களில்' 773 பேர். ஒரு அளவுகோலின் உச்சியில் இத்தனை பேர் முட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் அது எதையும் அளக்கவில்லை என்று அர்த்தம். கல்விக்கு இது ஒரு எச்சரிக்கை மணி. விளம்பரத்துக்கோ அதிர்ஷ்டம், ஏனென்றால் 'மாநில ரேங்க்' என்று போட்டுக்கொள்ளக்கூடிய பள்ளிகள் ஒரே நாளில் பெருகிவிட்டன.

2017 மே 12ஆம் தேதி பிளஸ் டூ முடிவு வரவிருந்தது. அதற்கு முன்னால் அன்றைய பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன் இனி மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பு கிடையாது என்று அறிவித்தார். பள்ளிக் கல்வித் துறைச் செயலராக அப்போது உதயச்சந்திரன் இருந்தார். பிள்ளைகள் மீதான அழுத்தத்தையும் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியையும் குறைப்பதுதான் சொல்லப்பட்ட காரணம். 2018-19 கல்வியாண்டிலிருந்து பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 600 ஆகக் குறைந்தது. 2023இல் சி.பி.எஸ்.இ.யும் தகுதிப் பட்டியல் வெளியிடுவதில்லை என்று சொல்லிவிட்டது.

ரேங்க் போனது, விளம்பரம் போகவில்லை. 'மாநில முதலிடம்' இருந்த இடத்தில் 'பள்ளி முதலிடம்' வந்தது. எல்லாப் பள்ளியிலும் ஒரு பள்ளி முதலிடம் இருக்கத்தானே செய்யும்? அடுத்து சென்டம் கணக்கு வந்தது. '42 சென்டம்' என்றால் 42 பிள்ளைகள் என்று தோன்றும். ஆனால் எண்ணப்படுவது பிள்ளைகளை அல்ல, தாள்களை. கணினி அறிவியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்று ஆளுக்கு மூன்று சதம் அடித்தால் 14 பேரே போதும். ஒரே நிர்வாகத்தின் ஐந்து கிளைகளைக் கூட்டி ஒரு விளம்பரத்தில் போட்டால் எண் இன்னும் பெரிதாகும். எல்லாமே உண்மை. பகுதி மட்டும் இல்லை.

வராதவர்களின் கணக்கு

தேர்ச்சி விகிதத்திலும் இதே கதைதான். அங்கே பகுதி 'தேர்வு எழுதியவர்கள்'. படித்தவர்கள் அல்ல, சேர்ந்தவர்களும் அல்ல.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு 2023 நல்ல உதாரணம். அந்த ஆண்டு மார்ச் 13ஆம் தேதி பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. பெரிய செய்தி ஆனது, சட்டமன்றம் வரைக்கும் போனது. மே 8ஆம் தேதி முடிவு வந்தது. எழுதியவர்கள் 8,03,385. தேறியவர்கள் 7,55,451. தேர்ச்சி 94.03 சதவீதம். இப்போது வராத ஐம்பதாயிரத்தைக் கீழே இருக்கும் எண்ணில் சும்மா கூட்டிப் பாருங்கள். விகிதம் 88.5க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இது தோராயக் கணக்குதான். பெயர் மட்டும் பட்டியலில் இருந்து எப்போதோ படிப்பை விட்டவர்களும் அதில் உண்டு. ஆனாலும் அந்த ஐந்தரைப் புள்ளி என்பது ஒரு சிறிய நகரம் அளவு பிள்ளைகள். 94.03 என்ற எண்ணில் அவர்கள் தேறாதவர்கள் இல்லை. அவர்கள் அதில் இல்லவே இல்லை.

மாநிலக் கணக்கில் இது யாரும் திட்டமிடாமல் நடப்பது. ஒரு பள்ளி நினைத்தால் திட்டமிட்டே நடத்தலாம். எட்டாம் வகுப்பு வரைக்கும் தமிழ்நாட்டில் யாரையும் ஃபெயில் போடுவதில்லை. அதனால் ஒன்பதாம் வகுப்புதான் வடிகட்டி. 'உங்க பையன் பத்தாவது தாங்க மாட்டான், டி.சி. வாங்கிக்குங்க' என்பது ஒரு வழி. 'பிரைவேட்டா எழுதட்டும்' என்பது இன்னொன்று. தனித்தேர்வராக எழுதினால் அந்தப் பிள்ளையின் முடிவு பள்ளியின் கணக்கில் சேராது. பெற்றோர் பெரிய படிப்புப் படிக்காதவர்களாக, நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பேச முடியாதவர்களாக இருந்தால் இந்த உரையாடல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். இந்தக் கடற்கரையில் இரண்டு பள்ளிகள். இரண்டிலும் ஒன்பதாம் வகுப்பில் 64 பேர் சேர்ந்தார்கள்.

முதல் பள்ளியில் 20 பேரை ஒன்பதாம் வகுப்போடு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் 44 பேர் பத்தாவது எழுதி, 44 பேரும் தேறினார்கள். விளம்பரத்தில் 100%.

இரண்டாவது பள்ளியில் 5 பேர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனார்கள். 4 பேர் படிப்பை நிறுத்தினார்கள். 55 பேர் தேர்வுக்குப் பதிவு செய்தார்கள். 3 பேர் வரவில்லை. 52 பேர் எழுதி 47 பேர் தேறினார்கள். 90.4%. நாளிதழில் இந்த எண்ணைப் போட்டால் மாநிலச் சராசரிக்குக் கீழே என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 2025இல் பத்தாம் வகுப்பின் மாநிலச் சராசரி 93.80.

ஆனால் 64 பேரில் பத்தாவது தேறிய பிள்ளைகள் முதல் பள்ளியில் 44, இரண்டாவதில் 47. தன் பிள்ளை வகுப்பில் நடுவிலோ கடைசியிலோ இருக்கும் என்று தெரிந்த ஒரு அம்மாவுக்கு எந்தப் பள்ளி நல்ல பள்ளி? விளம்பரத்தை மட்டும் பார்த்தால் அவர் தவறான கதவைத் தட்டுவார். அங்கேதான் ஒன்பதாம் வகுப்பு முடிவில் அவர் பிள்ளைக்கு டி.சி. காத்திருக்கிறது.

இந்தக் கணக்குக்கும் ஒரு எல்லை உண்டு. ஒன்பதாம் வகுப்பை அடியாக வைத்தால் வேலை தேடிக் குடும்பங்கள் இடம்பெயரும் ஊர்களில் பள்ளி தன் தப்பே இல்லாமல் அடி வாங்கும். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயலும் இந்தக் கரையை விட்டுவைப்பதில்லை. பாத்திகள் மூழ்கினால் வேலை போய்விடும், ஆட்களும் வேறு ஊர் தேடிப் போவார்கள். ஆகவே ஒரே சதவீதமாகச் சுருக்காமல் மாறிப் போனவர், நின்றவர், வராதவர் என்று தனித்தனியாகச் சொல்வதுதான் நியாயம். அப்படிச் சொல்லும்போது விகிதமே தேவையில்லை. நான்கு எண்கள் போதும்.

யாருடைய முகம்?

படம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 15 வயது. அதன் முகமும் பெயரும் மதிப்பெண்ணும் ஒரு வணிக விளம்பரத்தில் வருகின்றன. சேர்க்கை நாளில் நீட்டிய படிவத்தில் எங்கோ ஒரு வரியில் அதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. தேர்வானவரின் பெயரையும் படத்தையும் போட எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும், அதுவும் அவர் தேர்வான பிறகே வாங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டால் செல்லாது. அவர் எந்தப் பயிற்சியில், எத்தனை நாள் படித்தார், அது கட்டணப் பயிற்சியா என்பதையும் சொல்ல வேண்டும். கடைசி மாதம் மாதிரி நேர்காணலுக்கு மட்டும் வந்தவரைத் தன் முழுநேர மாணவராகக் காட்டும் பழக்கத்துக்காக வந்த விதி அது.

விதி பயிற்சி மையங்களுக்கானது. ஆனால் ஒரு பள்ளி அதைத் தானாகவே எடுத்துக்கொள்வதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை. ரிசல்ட் வந்த பிறகு பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்கலாம். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடலாம்.

நான்கு பத்தியில் 47 பெயர்

அப்படியானால் மிகை இல்லாத ஒரு வாழ்த்து விளம்பரம் எப்படி இருக்கும்? மேலே சொன்ன இரண்டாவது பள்ளிக்கு எழுதிப் பார்த்தேன்.

> பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற்ற எங்கள் மாணவர்கள் 47 பேருக்கும் வாழ்த்துகள்.
>
> (பெயர்கள், அகர வரிசையில்)
>
> ஒன்பதாம் வகுப்பில் எங்களிடம் இருந்தவர்கள் 64. வேறு பள்ளிக்கு மாறியவர்கள் 5. இடையில் நின்றவர்கள் 4. தேர்வுக்கு வர இயலாதவர்கள் 3. எழுதியவர்கள் 52. தேர்ச்சி 47.
>
> துணைத் தேர்வு எழுதவிருக்கும் 8 பேருக்கு நாளை முதல் பள்ளியில் வகுப்பு நடைபெறும். கட்டணம் இல்லை. இடையில் நின்றவர்களும் வரலாம்.
>
> தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகம்.

47 பெயர்களை நான்கு பத்தியாகப் பிரித்தால் பத்திக்குப் பன்னிரண்டு வரிக்கு மேல் வராது. படங்கள் இல்லாததால் கால் பக்கமே தாராளம். மாவட்டப் பதிப்பில் மட்டும் போட்டால் செலவும் குறையும். மரக்காணத்து அம்மாவுக்கு மதுரைப் பதிப்பால் என்ன பயன்? யாருடைய பெயரும் பெரிய எழுத்தில் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. தேறாதவர்களின் பெயர் இல்லை, ஆனால் அவர்கள் எண்ணப்பட்டிருக்கிறார்கள். எழுதித் தேறாத 5 பேரும் வராத 3 பேரும் சேர்ந்து அந்த 8.

'இதைப் பார்த்து யார் அட்மிஷன் போடுவார்கள்?' என்று ஒரு தாளாளர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. பக்கத்து விளம்பரத்தில் நட்சத்திரத்துக்குள் 100% மினுக்கும்போது 'இடையில் நின்றவர்கள் 4' என்று அச்சடிப்பதற்குத் துணிச்சல் வேண்டும். ஒரே ஒரு பள்ளி மட்டும் பகுதியைச் சொன்னால் அதற்கு நஷ்டம்தான். பெற்றோர் கேட்கத் தொடங்கினால் மட்டுமே இது மாறும். கேட்பதற்குப் பெரிய விவரம் தேவையில்லை. சேர்க்கைக்குப் போகும் இடத்தில் '100 சதவீதம்னு போட்டிருக்கீங்களே சார், அதே பிள்ளைங்க ஒன்பதாவதுல எத்தனை பேர் இருந்தாங்க?' என்று கேட்டால் போதும். பதில் வருவதற்கு ஆகும் நேரமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

அந்த மாதிரி விளம்பரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிக்கு முந்தைய பத்திதான். ரிசல்ட் வந்த சில வாரங்களில் துணைத் தேர்வு வந்துவிடும். அதில் தேறினால் அதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போகலாம். தவறவிட்டால் பெரும்பாலும் அந்தப் பிள்ளை பள்ளிப் பக்கம் திரும்புவதில்லை. மரக்காணத்தில் அந்தச் சில வாரங்களில் பாத்தியில் இன்னும் உப்பு விளைந்துகொண்டிருக்கும், கூலிக்கு ஆளும் தேவைப்படும். முதல் நாள் கூலி கைக்கு வருவதற்குள் அந்த எட்டு வீடுகளுக்கும் யாராவது போய்ச் சேர வேண்டும்.